உங்கள் இணையவழித் தேர்வு நேரம் உறுதியானது: மார்ச் 14, சனி, காலை 10 மணி

வணக்கம்.

கணக்கியல் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த நேரமே உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தேர்வு: 2026 மார்ச் 14, சனிக்கிழமை, காலை 10.00 (2 மணி நேரம்)
கணினிச் சோதனை: மார்ச் 12, வியாழக்கிழமை, மாலை 4.00 முதல் 6.00 வரை
தேர்வன்று உள்நுழைவு: காலை 9.30 முதல் 10.15 வரை

இவையெல்லாம் உங்கள் கணக்கில் பதிந்துள்ள நேர மண்டலத்தின்படி. அன்று வெளியூரில் இருப்பீர்கள் என்றால் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பத்து நிமிட வேலைதான். தேர்வு எழுதப்போகும் அதே கணினியில், அதே அறையில், அதே இணைய இணைப்பில் செய்யுங்கள். வேறு கணினியில் செய்தால் அந்தச் சோதனையால் பயனில்லை. உங்கள் கணக்கில் 'கணினிச் சோதனை' பொத்தானை அழுத்தினால் தேர்வு மென்பொருள் பதிவிறங்கும். கேமரா, மைக், இணைய வேகம், திரைப் பகிர்வு நான்கிலும் பச்சைக் குறி வர வேண்டும். ஏதாவது சிவப்பாக நின்றால் அங்கேயே 'உதவி'யை அழுத்துங்கள். மாலை 6 மணி வரை எங்கள் ஆட்கள் இருப்பார்கள், கூடவே இருந்து சரிசெய்து தருவார்கள்.

அலுவலக லேப்டாப்பைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. மென்பொருள் நிறுவும் அனுமதி அதில் பெரும்பாலும் இருக்காது. அலுவலகப் பாதுகாப்பு அமைப்பு கேமரா இணைப்பையே தடுத்துவிடக்கூடும். விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டாவது மானிட்டர் இருந்தால் கேபிளையே கழற்றிவிடுங்கள். முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிள் இணைப்பு. சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

தேர்வன்று முதல் வேலை அடையாளச் சரிபார்ப்பு. அரசு வழங்கிய, புகைப்படம் உள்ள, காலாவதியாகாத அசல் அட்டை ஒன்று வேண்டும். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவை சரி. நகலோ, போனில் உள்ள படமோ ஏற்கப்படாது. அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னெழுத்து விரிந்தோ சுருங்கியோ இருந்தால் புதன்கிழமைக்குள் உங்கள் கணக்கில் திருத்தக் கோரிக்கை அனுப்பிவிடுங்கள். காலை 9.45க்குக் கண்காணிப்பாளரால் பெயரை மாற்றித் தர முடியாது.

அட்டையைக் கேமராவுக்குக் காட்டும்போது பலருக்கும் தடுமாற்றம் வருவது வெளிச்சத்தால்தான். பிளாஸ்டிக் உறை பளபளத்து எழுத்து தெரியாமல் போகும். உறையிலிருந்து வெளியே எடுத்து, விளக்குக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். கேமரா தெளிவாகும்வரை கை அசையாமல் இருக்கட்டும். அப்புறம் உங்கள் முகத்தைப் படம் எடுப்பார்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். கடைசியாக, கேமராவை மெதுவாகச் சுற்றி நான்கு சுவர், மேசை மேல், மேசைக்கு அடியில் காட்டச் சொல்வார்கள். கழுத்தில் அணிவதற்கும் தலைத்துணிக்கும் தடையில்லை. காது தெரிய ஒரு நிமிடம் விலக்கிக் காட்டக் கேட்கலாம். அதைத் தனியே, பெண் கண்காணிப்பாளரிடம் காட்ட விரும்பினால் தயங்காமல் சொல்லுங்கள்.

2 மணி நேரக் கணக்கு முதல் கேள்வி திறந்த பிறகே ஓடத் தொடங்கும். சரிபார்ப்புக்கு ஆகும் நேரம் உங்கள் தேர்வு நேரத்தில் கழியாது. ஆனால் 10.15க்கு மேல் உள்நுழைவு இல்லை.

தேர்வு நடக்கும்போது அறையில் நீங்கள் மட்டுமே இருக்க வேண்டும். போன், கைக்கடிகாரம், இயர்போன், புத்தகம், தாள், பேனா எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். கணக்குப் போடத் திரையிலேயே கால்குலேட்டரும் எழுதுபலகையும் உண்டு. லேபிள் இல்லாத கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தால் அன்று மட்டும் மனதுக்குள் படியுங்கள். கேமரா பார்வையை விட்டு எழுந்து போனால் தேர்வு முடிக்கப்படும். இந்தத் தேர்வில் இடைவேளை கிடையாது. மருத்துவக் காரணத்தால் இடைவேளையோ கூடுதல் நேரமோ தேவைப்பட்டால் புதன்கிழமைக்குள் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

யாராவது தவறிக் கதவைத் திறந்துவிட்டால் பதறாதீர்கள். வந்தவரை உடனே வெளியே போகச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சாட்டில் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். முதல் முறை என்றால் எச்சரிக்கையோடு தேர்வு தொடரும். ஆள்மாறாட்டம், கேள்விகளைப் படம் எடுப்பது, பிறரிடம் விடை கேட்பது ஆகியவற்றுக்கு எச்சரிக்கை கிடையாது. தேர்வு அங்கேயே ரத்தாகும், கட்டணமும் திரும்பாது.

இணைய இணைப்பு அறுந்தால் தேர்வில் மீண்டும் நுழையுங்கள். எழுதிய விடைகள் சேமிக்கப்பட்டிருக்கும், கடிகாரமும் நின்றிருக்கும். 15 நிமிடத்துக்குள் வர முடியாவிட்டால் 'தொழில்நுட்பத் தடை' என்று பதிவாகும். விசாரித்து, கட்டணமின்றி வேறு நாள் தருவோம்.

திரை, குரல், காணொளி மூன்றும் பதிவாகும். நேரத்தை மாற்ற விரும்பினால் மார்ச் 13 காலை 10 மணி வரை உங்கள் கணக்கிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

நன்றாக எழுத வாழ்த்துகள்.

தேர்வு ஒருங்கிணைப்புப் பிரிவு