ஊட்டச்சத்து ஆதரவுக் குழு: கூட்டக் குறிப்பு

செவ்வாய், பிற்பகல் 2.30. வந்தோர்: அறுவை மருத்துவர், இரைப்பைக் குடல் மருத்துவர், உணவியல் நிபுணர், மருந்தாளுநர், ஊட்டச்சத்து செவிலியர்.

நோயாளி: படுக்கை 14, ஆண், வயது 58. சிறுகுடல் அறுவைக்குப் பின் 9-ஆம் நாள். மேல் ஜெஜூனத்தில் ஃபிஸ்டுலா, 24 மணி நேரக் கசிவு 1,100 மி.லி. எடை 48 கிலோ; மூன்று மாதத்துக்கு முன் 57. பொட்டாசியம் 3.1, பாஸ்பேட் 0.6 மில்லிமோல்/லிட்டர்.

விவாதம்: மூக்குக்குழாய் உணவை மணிக்கு 20 மி.லி. கொடுத்தும் வாந்தி, கசிவும் கூடியது. இன்னும் இரண்டு நாள் முயலலாம் என்றார் அறுவை மருத்துவர். ஒன்பது நாளாக உருப்படியாக எதுவும் உள்ளே போகவில்லை, இனிக் காத்திருப்பது சரியல்ல என்றார் உணவியல் நிபுணர், குழு ஏற்றது. அல்புமின் 2.1 என்பது அழற்சியால் குறைந்தது, முடிவுக்கு அதை அளவுகோலாக எடுக்கவில்லை.

முடிவு: சிரைவழி ஊட்டம் தேவை. ரீஃபீடிங் அபாயம் அதிகம் என்பதால் முதல் பைக்கு முன்பே தயமின் 300 மி.கி. சிரைவழி, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் ஈடுசெய்தல். தொடக்கம் நாளுக்கு 480 கிலோகலோரி (கிலோவுக்கு 10). ரத்த அளவுகள் ஒத்துழைத்தால் 4 முதல் 7 நாளில் 1,200 கிலோகலோரி, புரதம் 72 கிராம்.

பிஐசிசி லைன் இன்று. நுனியின் இடம் எக்ஸ்ரேயில் உறுதியாகும்வரை பை மாட்டக்கூடாது. ஒரு லூமன் ஊட்டத்துக்கு மட்டும், அதில் ரத்தமும் எடுக்க வேண்டாம். வார்டில் பைக்குள் எதுவும் சேர்க்கக்கூடாது என மருந்தாளுநர் வலியுறுத்தினார்: கால்சியம் பாஸ்பேட் படிந்தால் கொழுப்புக் கலவையில் கண்ணுக்குத் தெரியாது.

சர்க்கரை 6 மணிக்கொருமுறை, மின்பகுபொருட்கள் தினமும். கசிவு குறைந்தால் குடல்வழி உணவு மீண்டும். மறு ஆய்வு: வெள்ளி.