வீட்டுச்சூழல் மதிப்பீடு: வீடு அனுப்பும் முன்

நோயாளி: 74 வயது, கணவரை இழந்தவர், தனியாக வசிக்கிறார். வலது இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை; வாக்கர் பிடித்து இருபது அடி நடக்கிறார்.

நேற்று பக்கத்து வீட்டு அக்காவோடு பாட்டியின் வீட்டைப் பார்த்தேன். ஓட்டு வீடு. வாசலில் கைப்பிடியில்லாத மூன்று படி. கழிப்பறை கொல்லையில், வழியெல்லாம் பாசி. விழுந்ததும் அங்கேதான், விடியும்வரை யாருக்கும் தெரியவில்லை. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, டம்ளர். சர்க்கரை மாத்திரை அட்டை பாதிகூடத் தீரவில்லை. "ஒருத்திக்கு என்னத்த உலை வைக்கிறது?" என்றார் பாட்டி. மறதி என்பதைவிட, சாப்பிடாததால் மாத்திரையும் போடவில்லை என்றே நினைக்கிறேன்.

மகன் திருப்பூரில் கூலி வேலை. பத்து நாள் வந்து இருப்பதாகச் சொன்னார். முதியோர் இல்லம் வேண்டாம் என்பதில் பாட்டி உறுதி. அதை மதிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அனுப்பலாம், மகன் வந்தபின் மட்டும். அதற்குள் கட்டிலருகே கழிப்பறை நாற்காலி, படிக்குக் கைப்பிடி தேவை. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் மாத்திரை, வீட்டு இயன்முறை சிகிச்சைக்குப் பேசிவிட்டேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதியாயிற்று. மதியச் சாப்பாடு பக்கத்து வீட்டில். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன். மகன் திரும்பும் முன் மறுபடி போய்ப் பார்ப்பேன்.

மருத்துவ சமூகப் பணியாளர்