கண்ணளவு

தம்பிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நாக்கு செத்துப்போச்சு, வத்தக்குழம்பு வேணும் என்றான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அம்மா வைக்கும் வத்தக்குழம்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்பாயி வைப்பது போல இருக்காது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, அம்மா எதிரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இது.

நானே வைத்துப் பார்க்கலாமென்று போனில் vatha kulambu என்று அடித்தேன். பளபளக்கும் அடுக்களைகள், பட்டுப்புடவைகள், வாசனையை முகர்ந்து கண்ணை மூடும் முகங்கள் என்று வரிசையாக வந்தன. தம்பி போனைப் பிடுங்கி vathal kuzhambu kalchatti thanjavur என்று போட்டான். போன முறை ஊருக்குப் போனபோது அந்தக் கல்சட்டியைத் தூக்கப் பார்த்துத் திட்டு வாங்கியவன் அவன்தான்.

கீழே, வெகு கீழே, இருட்டடித்த ஒரு படம். கறுத்த கல்சட்டி, விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது.

முகம் காட்டவில்லை, இரண்டு கைகள் மட்டும். "புளி எலுமிச்சம்பழ அளவு. இப்ப கடையில விக்கிற கொழுத்த எலுமிச்சை இல்ல, நம்ம வீட்டு மரத்துது" என்றது குரல். எந்த வீட்டு மரம் என்று உலகத்துக்கு எப்படித் தெரியும்? நல்லெண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது. கை பொடி டப்பாவுக்குள் போனது. அந்தக் கை சட்டிக்கு மேலே வந்தபோது, சிவப்பு நெயில் பாலிஷ் போட்ட இன்னொரு கை குறுக்கே நுழைந்து மணிக்கட்டைப் பிடித்தது. "இருங்க பாட்டி, இதுல போடுங்க." பிடியிலிருந்த பொடி முழுவதும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொட்டப்பட்டு, விரலால் மட்டம் தட்டப்பட்டு, கேமராவுக்குக் காட்டப்பட்ட பிறகே சட்டிக்குப் போனது. "ரெண்டேகால் ஸ்பூன்" என்றது இளங்குரல். "அப்படியா!" என்றது வயதான குரல். உடனே, "சூ! பால்கிட்ட என்ன வேல ஒனக்கு?" என்று ஏதோ பூனையை விரட்டியது.

"அப்பாயி!" என்று கத்தினான் தம்பி.

பத்து நாற்பது வீடியோக்கள் இருந்தன. புளி மண்டி, கருணைக்கிழங்கு மசியல், பிரண்டைத் துவையல். பார்த்தவர்கள் சொற்பம். வாராவாரம் எங்களோடு பேசுகிறவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அம்மா வந்ததும் காட்டினோம். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி பார்த்தாள். வத்தலைத் தனியாக வறுத்து வைத்து, குழம்பில் எண்ணெய் பிரிந்தபிறகு சேர்ப்பது வரை தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாயி, "இறக்குறப்ப, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் ஒரு சிட்டிகை. இதான் விஷயமே" என்றாள். அம்மாவின் தலை நின்றது.

"கல்யாணமான நாள்லேருந்து கேட்டுட்டிருக்கேன். எல்லாம் கண்ணளவுதாம்மான்னு சொல்லிட்டு..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் குக்கரை எடுத்தாள். அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு அங்கே நிறைய வேலை இருக்கும்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா ஹாலில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டு.

சனிக்கிழமை அம்மாவே வைத்தாள். சுண்டைக்காய் வத்தல் எண்ணெயில் விழுந்த வேகத்தில் புகை எழும்பி, கூரையில் இருந்த அலாரம் அலறியது. தம்பி நாற்காலியில் ஏறித் துண்டால் விசிற, நான் ஜன்னலைத் திறக்க, டொராண்டோவின் மொத்தக் குளிரும் உள்ளே வந்தது. அம்மா அசையவில்லை. வெந்தயப்பொடியைத் தூவி, இறக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அத்தை, உங்க வீடியோவப் பாத்தேன்."

"பாத்துட்டியா? ஒம்புருஷன்கிட்ட சொல்லாத, கைய சுட்டுக்கப்போறேன்னு குதிப்பான்."

"ஊருக்கெல்லாம் ஸ்பூன் கணக்கு சொல்றீங்க. எனக்கு மட்டும் கண்ணளவா?"

"நீ கேட்டப்ப எனக்கே தெரியாதுடி. அந்த மாடிவீட்டுப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் கையப் புடிச்சு நிறுத்தி அளந்தப்புறந்தான், நான் ரெண்டேகால் போடுறேன்னு எனக்கே தெரிஞ்சுது. சத்தியமா."

அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தாள்.

"சரி அத்தை. வெந்தயம்?"

"அதுக்கென்ன?"

"அதுக்கு அளவு வேண்டாம். போடுறீங்கன்னு சொல்லியிருக்கலாமே. நீங்க வறுத்துப் பொடிக்கிறப்பல்லாம் பக்கத்துலதான நின்னேன்? என்னத்துக்குன்னு கேட்டதுக்கு, மோர்ல போட்டுக் குடிக்க, வயித்துக்கு நல்லதுன்னீங்க."

அந்தப் பக்கம் பூனை கத்துவது துல்லியமாகக் கேட்டது.

"லைன் சரியில்லம்மா" என்றாள் அப்பாயி.