ஞாயிறு கூட்டம்: உங்களுக்காக எடுத்து வைத்த குறிப்புகள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நலமா? வீட்டில் எல்லோரும் நலம்தானே?

பார்வையற்ற மாணவர்களுக்காக நாம் பதிவு செய்யும் இயற்பியல் ஒலிநூலுக்கான ஞாயிறு கூட்டத்தில் உங்களைப் பார்க்க முடியவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்று என்ன பேசினோம், இனி உங்களோடு எப்படிச் சேர்ந்துகொள்ளலாம், இந்த இரண்டையும் சொல்லத்தான் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளமாகிவிட்டது. நேரமில்லை என்றால் "நாம் மறுபடி பேச" என்று தொடங்கும் பத்திக்கு நேராகப் போய்விடுங்கள். மற்றதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

முதலில் என் பக்கத்துப் பிழை ஒன்று. அழைப்பில் இரவு 8 மணி என்று என் ஊர் நேரத்தை மட்டும் போட்டிருந்தேன். அன்று அக்டோபர் கடைசி ஞாயிறு, உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள் என்பது கூட்டம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கடிகாரம் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதால் இது நினைவிலேயே நிற்பதில்லை. இதுவரை மாலை 4.30க்கு வந்துகொண்டிருந்த நீங்கள் அன்று மட்டும் 3.30க்கு வந்திருக்க வேண்டும். வழக்கமான நேரத்துக்கு வந்து பார்த்திருந்தால் நாங்கள் கலைந்துபோயிருப்போம். இதுதான் நடந்தது என்று நானே முடிவு கட்டவில்லை. வேறு வேலையாக இருந்திருக்கலாம், உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம், அன்றைக்கு யாரோடும் பேசத் தோன்றாமலும் இருந்திருக்கலாம். எதுவானாலும் நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. இனி அழைப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் போடுகிறேன்.

கூட்டம் தொடங்கியதும் சார் "அக்கா வரவில்லையா?" என்று கேட்டார். "தெரியவில்லை சார், கேட்டு எழுதுகிறேன்" என்றேன். உங்களைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். நாம் இல்லாத இடத்தில் என்ன பேசியிருப்பார்களோ என்ற நினைப்பு எனக்கே அடிக்கடி வரும். அதனால்தான் இதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்கு முந்தைய கூட்டத்தில் உங்கள் இரண்டாம் பாடத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? மின்விசிறி ஓசை கேட்கிறது என்றார்கள், வாசிப்பு மெதுவாக இருக்கிறது என்றார்கள். நான் அதைச் சரியாகக் கையாளவில்லை. நாற்பது நிமிடப் பதிவுக்குப் பின்னால் எத்தனை மணி நேர உழைப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் "சரி, அடுத்தது" என்று தாண்டிவிட்டேன். அது உங்களை உறுத்தியிருந்தால் அந்த உறுத்தல் நியாயமானது, மன்னியுங்கள். உறுத்தவே இல்லை என்றால் தம்பி வீணாகக் கவலைப்படுகிறான் என்று சிரித்துவிட்டு மேலே படியுங்கள். எப்படியும், மறுபதிவு தேவையில்லை. தொகுப்பைப் பார்க்கும் தங்கை, நீங்கள் தொடக்கத்தில் விட்டிருந்த பத்து விநாடி மௌனத்தை மாதிரியாக வைத்து அந்த ஓசையைக் குறைத்துவிட்டாள். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் வெறும் அறையின் ஓசையைப் பிடித்து வைக்கும் உங்கள் பழக்கம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. இனி எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

பெரும்பாலான நேரம் சூத்திரங்களை எப்படி வாசிப்பது என்பதிலேயே போனது. நீங்கள் மூன்று மாதத்துக்கு முன்பே எழுப்பிய சிக்கல் அது, இப்போது எல்லோருக்கும் தலைவலியாகிவிட்டது. v = u + at என்பதை எழுத்துகளாகச் சொல்வதா, "இறுதித் திசைவேகம் சமம் தொடக்கத் திசைவேகம் கூட்டல்…" என்று பொருளாக விரித்துச் சொல்வதா? ஒரு பாடத்தில் முதல்முறை வரும்போது இரண்டையும் சொல்வது, அப்புறம் எழுத்துகளை மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று. இதில் யாருக்கும் மறுப்பில்லை.

பின்னம் வந்ததும்தான் குழப்பம். (a + b)/c என்பதையும் a + b/c என்பதையும் சாதாரணமாக வாசித்தால் காதில் "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்று ஒன்றுபோலத்தான் விழுகிறது. கண்ணால் படிப்பவருக்குக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். கேட்பவருக்கு அந்தக் கோடே கிடையாது. சார் இரண்டையும் எங்களுக்கு வாசித்துக் காட்டி, எது எது என்று எழுதச் சொன்னார். நான் தப்பாக எழுதினேன். அதனால் "பின்னம் தொடக்கம், மேலே இது, கீழே இது, பின்னம் முடிவு" என்று சொல்லிப் பார்க்கிறோம். நீளமாகத்தான் இருக்கிறது. எளிய பின்னங்களுக்கும் இவ்வளவு சொல்ல வேண்டுமா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. உங்கள் காது என்ன சொல்கிறது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது ஒளிக்கதிர்ப் படம். குவிலென்சின் முன்னால் பொருள் 2F-க்கு அப்பால் இருக்கும் படத்துக்கு நான் ஒரு விவரிப்பு எழுதிக் கொண்டுபோயிருந்தேன், ஒரு பக்கத்துக்கு. கல்லூரித் தம்பி பாதி கேட்டுவிட்டு, "அண்ணா, படத்தில் மொத்தம் எத்தனை கதிர் என்று முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எத்தனைக்கு இடம் வைப்பது என்றே மனதுக்குத் தெரியாது" என்றான். அவனுக்குப் பார்வை இல்லை, நமக்குத்தான் படம் முன்கூட்டியே முழுதாகத் தெரிந்துவிடுகிறது. அங்கேயே மாற்றினோம். முதலில் மொத்தம்: ஒரு லென்சு, ஒரு முதன்மை அச்சு, இரண்டு கதிர்கள். பிறகு இடமிருந்து வலமாக: பொருள் எங்கே, அச்சுக்கு இணையாகப் போகும் கதிர் லென்சைத் தாண்டி எந்தக் குவியம் வழியாக வளைகிறது, லென்சின் நடுவே போகும் கதிர் எப்படி வளையாமல் போகிறது. கடைசியில் முடிவு: மறுபக்கம் F-க்கும் 2F-க்கும் நடுவே, தலைகீழாக, பொருளைவிடச் சிறிய பிம்பம். ஒரு பக்கம் எட்டு வரியானது. இந்த விவரிப்பைப் பத்திக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது மட்டும் முடிவாகவில்லை. நான் முன்னால் என்கிறேன், சார் பின்னால் என்கிறார். இருவரும் இதற்கே பதினைந்து நிமிடம் தின்றுவிட்டோம்.

மற்றவை சின்னச் செய்திகள். பதிவு இனியும் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், வேவ் கோப்புதான். பார்வையற்றோருக்கான டெய்சி ஒலிநூல் வடிவத்தில் கேட்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வேண்டும் என்பதால் உள்தலைப்புக்கு ஒரு கோப்பாகப் பிரித்து அனுப்பினால் தங்கைக்கு எளிது. ஆறாம் பாடத்தைச் சார் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் பாடம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை. நவம்பர் 15க்குள் என்று பேசியிருந்தோம். அந்தத் தேதி சரிப்படாது என்றால் மாதக் கடைசிவரை தள்ளலாம், அதற்குமேல் போனால்தான் தொகுப்பு நெருக்கடியாகும். இப்போதைக்குப் பாடமே வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லுங்கள். ஐந்தை நான் வாசிக்கிறேன், நீங்கள் கேட்டுப் பார்த்துத் திருத்தினால் போதும். என் ழகரம் உங்களுக்குத் தெரியும், திருத்த வேலை நிறையவே இருக்கும்.

நாம் மறுபடி பேச எது எளிதோ அதைச் செய்யுங்கள். வியாழன் அல்லது வெள்ளி, உங்கள் நேரம் மாலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் எப்போது அழைத்தாலும் நான் இருப்பேன். நாம் இருவர் மட்டும், இருபது நிமிடம் போதும், முகம் காட்ட வேண்டியதில்லை. பேசத் தோதுப்படவில்லை என்றால் பின்னம், படம் இரண்டைப் பற்றியும் ஒரு குரல் செய்தி அனுப்புங்கள், அடுத்த கூட்டத்தில் அதை அப்படியே ஒலிக்கவிடுகிறேன். அதுவும் முடியாவிட்டால் "ஐந்து என்னிடமே" அல்லது "ஐந்து உன்னிடம்" என்று ஒரு வரி போதும். அடுத்த கூட்டம் நவம்பர் 9, ஞாயிறு, உங்கள் நேரம் மாலை 3.30. இணைப்பு பழையதுதான். அன்று வந்து எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் மகிழ்ச்சி. அன்று சின்னதாக ஒரு நினைவூட்டல் அனுப்புவேன், நடுவில் வேறு எதற்கும் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இந்த மடலுக்கு உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை. உடல்நிலையோ வீட்டு விஷயமோ ஏதாவது இருந்து, நாங்கள் கைகொடுக்க முடியும் என்றால் மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி

பி.கு. மெதுவான வாசிப்பு என்று சொன்னதே கல்லூரித் தம்பிதான். இப்போது உங்கள் மூன்றாம் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறானாம். அந்த வேகத்திலும் உங்கள் சொற்கள் தனித்தனியாக விழுகின்றன, என் பாடத்தில் எல்லாம் கூழாகிவிடுகிறது என்கிறான். உங்களிடம் இதைச் சொல்லச் சொன்னான்.