முதலில் என்ன செய்வீர்கள்? திட்ட மேலாண்மைத் தேர்வுக்கான சூழல் வினாக்கள்

சேலம் மாலை வகுப்பு, பயிற்சித் தாள். ஏழு வினாக்கள், பத்து நிமிடம். பிஎம்பி தேர்விலும் ஒரு வினாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம்தான் கிடைக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இந்த வகை வினாக்களில் நான்கு விடைகளுமே பெரும்பாலும் நல்ல மேலாளர் என்றாவது ஒரு நாள் செய்கிற காரியங்களாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில், கையில் இருக்கும் தகவலை வைத்துக்கொண்டு, அவற்றில் எது முந்தும் என்பதுதான் கேள்வி. “எங்க ஆபீசில் இப்படித்தான் செய்வோம்” என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வினாவிலும் உள்ள நான்கையும் முழுதாகப் படித்த பிறகே விடையைக் குறியுங்கள்.

வினா 1

ஏற்காட்டில் ஒரு விடுதிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறீர்கள். அக்டோபர் கடைசி, விடாத மழை. இரவில் மண் சரிந்ததால் கொண்டை ஊசி வளைவுச் சாலையை மூடிவிட்டார்கள். சிமெண்ட் லாரி அடிவாரத்திலேயே நிற்கிறது. மழையில் மலைப்பாதை அடைபடலாம் என்பது ரிஸ்க் ரெஜிஸ்டரில் ஏற்கெனவே இருக்கிறது. குப்பனூர் வழியாகச் சிறிய வண்டிகளில் பொருளை ஏற்றுவது என்ற மாற்று ஏற்பாடும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

அ) ஸ்பான்சரிடம் கூடுதல் நாள் கேட்பேன்
ஆ) குழுவைக் கூட்டி, ரிஸ்க்கைப் புதிதாக ஆராய்வேன்
இ) பொறுப்பாளரைக் கூப்பிட்டு மாற்று ஏற்பாட்டைத் தொடங்கச் சொல்வேன்
ஈ) மேனேஜ்மெண்ட் ரிசர்விலிருந்து பணம் கேட்பேன்

விடை: இ. எதிர்பார்த்ததுதான் நடந்திருக்கிறது, என்ன செய்வது என்றும் முன்பே ஒத்துக்கொண்டாகிவிட்டது. அப்புறம் எதற்குக் கூட்டம்? ஏற்பாட்டைத் தொடங்குங்கள், இஷ்யூ லாகில் பதியுங்கள், வேலை செய்கிறதா என்று கவனியுங்கள். ஈ ஏன் தவறு? மேனேஜ்மெண்ட் ரிசர்வ் என்பது யாருமே எதிர்பாராததற்கு வைத்திருக்கும் பணம். தெரிந்த ரிஸ்க்குக்குக் கான்டிஞ்சென்சி ரிசர்வ் இருக்கிறது. தேர்வில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் குழப்புவார்கள்.

வினா 2

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரிக்குச் செயலி செய்கிறீர்கள். எந்தப் பட்டறைக்கு எத்தனை கிலோ வெள்ளி போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்று பார்ப்பதற்கான செயலி. ஸ்க்ரம் முறையில் வேலை நடக்கிறது. ஸ்பிரிண்ட் பாதியில் இருக்கும்போது கடை முதலாளி ஒரு டெவலப்பரிடம் நேராகப் போய், “தம்பி, பட்டறைவாரியா சேதாரக் கணக்கு ஒண்ணு வேணும், இந்த வாரமே போட்டுக் கொடுத்துடுப்பா” என்கிறார். டெவலப்பர் உங்களிடம் வந்து கேட்கிறார். சிறந்த செயல் எது?

அ) முதலாளி கேட்கிறார், செய்துவிடுங்கள் என்பது
ஆ) முதலாளியையும் ப்ராடக்ட் ஓனரையும் பேசவைத்து, தேவையைப் பேக்லாகில் சேர்த்து முன்னுரிமை தரச் செய்வது
இ) சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுதி, மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்புவது
ஈ) இனி டெவலப்பரிடம் பேசக் கூடாது என்று முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்புவது

விடை: ஆ. நன்றாகப் படித்தவர்களே இ-யில் விழுகிறார்கள். எல்லாவற்றையும் முன்பே திட்டமிட்டு அதன்படி நடத்தும் வேலைக்கு இ பொருந்தும். இங்கே ஸ்க்ரம் என்று வினாவே சொல்லிவிட்டது. புதுத் தேவை வருவது அந்த முறையில் இயல்பு. அது போய்ச் சேர வேண்டிய இடம் பேக்லாக், வரிசையைத் தீர்மானிப்பவர் ப்ராடக்ட் ஓனர். வினாவைப் படிக்கும்போதே எந்த முறையில் வேலை நடக்கிறது என்பதற்கு அடிக்கோடு போடுங்கள்.

வினா 3

ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ ஆலை. கழிவுநீரிலிருந்து பயோகேஸ் எடுக்கும் தொட்டி அமைக்கிறீர்கள். வேலை ஏற்கெனவே இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது. நீங்கள் போய்ச் சேரும்போது சைட் இன்ஜினியரும் ஃபேப்ரிகேஷன் சூப்பர்வைசரும் ஆட்கள் முன்னால் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள். “கேஸ் லைன் பக்கத்துல பர்மிட் இல்லாம வெல்டிங் வைக்கறீங்க” என்கிறார் ஒருவர். “இதுல கேஸே இன்னும் வரலைங்க, சும்மா வேலையைக் கெடுக்காதீங்க” என்கிறார் மற்றவர். வெல்டர் வேலையை நிறுத்தவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?

அ) இருவரையும் தனி அறைக்கு அழைத்துப் பேசி, இருவருக்கும் ஏற்ற தீர்வு காண்பேன்
ஆ) இருவரின் மேலதிகாரிகளுக்கும் தெரிவிப்பேன்
இ) பெரியவர்கள், அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடுவேன்
ஈ) வெல்டிங்கை உடனே நிறுத்தச் சொல்லி, பர்மிட்டையும் லைனையும் சரிபார்ப்பேன்

விடை: ஈ. சண்டை என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக அ-வுக்குப் போகும். வழக்கமான கருத்து வேறுபாட்டுக்கு அ-தான் சரி. நேருக்கு நேர் உட்கார்ந்து காரணத்தைத் தீர்ப்பதுதான் நிலைக்கும். ஆனால் இங்கே தீப்பொறி பறந்துகொண்டிருக்கிறது. லைனில் வாயு வரவில்லை என்பது ஒருவர் வாயால் சொன்னது மட்டும்தான். யாரும் அளந்து பார்க்கவில்லை. இரண்டு வாரப் பின்னடைவை வினாவில் எழுதியிருப்பதே உங்களை அவசரப்படுத்தத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் எந்த வரிசையும் அதற்குப் பின்னால்தான். நிறுத்துங்கள், பாருங்கள், பிறகு இருவரையும் உட்காரவையுங்கள்.

வினா 4

இரும்பாலை சாலையில் மாம்பழக் குளிர்பதனக் கிடங்கு. மொத்த பட்ஜெட் 80 லட்சம். இன்றைய தேதிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 36 லட்சம், முடிந்த வேலையின் மதிப்பு 30 லட்சம், செலவானது 40 லட்சம். அடுத்து என்ன செய்வீர்கள்?

அ) செலவு ஏன் கூடியது, வேலை ஏன் தாமதம் என்று குழுவோடு காரணம் தேடுவேன்
ஆ) ஆட்களைக் கூட்டி வேலையை முடுக்குவேன்
இ) பேஸ்லைனை மாற்றி எழுதுவேன்
ஈ) சில வேலைகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவேன்

விடை: அ.

```
CPI = EV / AC = 30 / 40 = 0.75
SPI = EV / PV = 30 / 36 = 0.83
```

பணமும் நாளும் இரண்டுமே கைமீறிப் போகின்றன என்பது இதில் தெரிகிறது. ஏன் என்பது தெரியவில்லை. அந்த ‘ஏன்’ எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். இதே கதி கடைசி வரை தொடரும் என்றால் மொத்தச் செலவு இப்படி வரும்:

```
EAC = BAC / CPI = 80 / 0.75 = 106.67
```

கூடுதல் செலவு ஒருமுறை வந்தது, இனி வராது என்றால் இப்படி:

```
EAC = AC + (BAC - EV) = 40 + 50 = 90
```

இரண்டுக்கும் நடுவே 16 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். காரணம் தெரியாமல் எந்தக் கணக்கை ஸ்பான்சர் முன்னால் வைப்பீர்கள்? ஆ-வைத் தேர்ந்தால் இருக்கிற செலவு இன்னும் ஏறும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் நம் வகுப்பில் நிறையப் பேர். எந்தச் சூத்திரம் எந்த நிலைமைக்கு என்று கேட்டால்தான் தடுமாற்றம். அதற்காகத்தான் இந்த வினா.

வினா 5

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றுக்குக் குடிநீர்க் குழாய் போடுகிறீர்கள். அனுமதிகள் எல்லாம் கையில் இருக்கின்றன. பள்ளம் தோண்ட ஆரம்பித்த மூன்றாம் நாள், பக்கத்து ஊர்க்காரர்கள் இருபது பேர் வந்து ஜேசிபியை நிறுத்திவிட்டார்கள். குழாய் போகும் தடம் அவர்கள் கோயில் திருவிழாவுக்குச் சாமி வரும் பாதை. “எங்ககிட்ட யாருங்க கேட்டீங்க?” என்கிறார் ஊர்ப் பெரியவர். அந்த ஊர் ஸ்டேக்ஹோல்டர் ரெஜிஸ்டரிலேயே இல்லை. முதலில் என்ன செய்வீர்கள்?

அ) அனுமதிக் கடிதத்தைக் காட்டி, தேவைப்பட்டால் போலீஸ் உதவி கேட்பேன்
ஆ) குழாய்த் தடத்தை மாற்றச் சொல்வேன்
இ) பெரியவரோடும் ஊர்க்காரர்களோடும் உட்கார்ந்து, அவர்கள் கவலை என்ன என்று கேட்பேன்
ஈ) ஸ்பான்சரிடம் விஷயத்தை ஒப்படைப்பேன்

விடை: இ. ஆ நல்ல மனதோடு எடுக்கும் முடிவு, ஆனாலும் அவசர முடிவு. அவர்களுக்கு வேண்டியது தட மாற்றமா, திருவிழாவுக்குள் பள்ளத்தை மூடித் தருவதா, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாததற்கான வருத்தமா? கேட்காமல் தெரியாது. கேட்ட பிறகு ரெஜிஸ்டரில் அந்த ஊரைச் சேர்க்க வேண்டும். அவர்களோடு எப்படி, எப்போது பேசுவது என்று எழுத வேண்டும். தடம் மாறத்தான் வேண்டும் என்றால் அதன் பாதிப்பைக் கணக்கிட்டுச் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட வேண்டும். ‘ரெஜிஸ்டரைப் புதுப்பிப்பேன்’ என்றும் ஒரு விடை தேர்வில் வரலாம். ஜேசிபி முன்னால் இருபது பேர் நிற்கும்போது மடிக்கணினியைத் திறப்பது முதல் வேலை ஆகாது.

ஈ பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பான்சரிடம் போவது தவறே இல்லை, உங்கள் அதிகாரத்துக்குள் முடியாத விஷயம் என்றால். இங்கே நீங்கள் இன்னும் ஒரு முயற்சிகூடச் செய்யவில்லை. எதற்கெடுத்தாலும் மேலே தூக்கிக்கொண்டு போகும் விடையைத் தேர்வு பெரும்பாலும் ஏற்காது.

வினா 6

ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கான வசதி வளாகம் கட்டுகிறீர்கள். ஜூன் கடைசியில் ஒப்படைப்பு என்று ஒப்புதல் ஆகியிருக்கிறது. ஸ்பான்சர் போனில், “மே மாசக் கோடை விழாவுக்கு முன்னால திறந்தாகணும், பார்த்துக்கோங்க” என்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

அ) சரி என்று சொல்லி, அட்டவணையை மாற்றுவேன்
ஆ) குழுவோடு உட்கார்ந்து, செலவு, தரம், ரிஸ்க் எப்படி மாறும் என்று பார்ப்பேன்
இ) ஒப்புதலான தேதி மாறாது என்று மறுப்பேன்
ஈ) உடனே சேஞ்ச் ரிக்வெஸ்ட்டைக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்புவேன்

விடை: ஆ. ஈ அடுத்த படி. பாதிப்பு எவ்வளவு என்று எழுதாத ரிக்வெஸ்ட்டை வைத்து அந்தக் குழு எதை முடிவு செய்யும்? ஆட்களைக் கூட்டினால் பணம் ஏறும். வேலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக நடத்தினால் ரிஸ்க் ஏறும். கான்கிரீட்டின் 28 நாள் வலுவுக்கு எத்தனை ஆட்களைச் சேர்த்தாலும் நாள் குறையாது. இவற்றை எழுதிக்கொண்டு போய் ஸ்பான்சரிடம் வழிகளைச் சொல்லுங்கள்.

வினா 7

பம்பு வாங்க மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளைப் பரிசீலிக்கிறீர்கள். தீபாவளிக்கு முதல் நாள் அவற்றில் ஒன்று உங்கள் வீட்டுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கை அனுப்புகிறது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது உங்கள் அம்மா வாங்கி வைத்துவிட்டார். சிறந்த செயல் எது?

அ) பண்டிகை வழக்கம்தான் என்று வைத்துக்கொள்வது
ஆ) வைத்துக்கொண்டு, அந்த நிறுவனத்துக்குச் சாதகம் காட்டாமல் இருப்பது
இ) அந்த நிறுவனத்தை உடனே பரிசீலனையிலிருந்து நீக்குவது
ஈ) மரியாதையாகத் திருப்பி அனுப்பி, நிறுவன விதிப்படி மேலிடத்துக்குத் தெரிவிப்பது

விடை: ஈ. பிஎம்பி தேர்வை நடத்தும் பிஎம்ஐ-யின் நெறிமுறை பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கின் மேல் நிற்கிறது. ஆ-வைத் தேர்பவர்கள் தங்கள் மனசாட்சியை நம்புகிறார்கள். மற்ற இரண்டு நிறுவனங்கள் உங்கள் மனசாட்சியைப் பார்க்க முடியாதே. இ உங்கள் கையில் உள்ள முடிவு அல்ல; கொள்முதல் விதி என்ன சொல்கிறது என்று பார்த்து உரியவர்கள் எடுப்பார்கள். திருப்பி அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் வைத்து, நகலைக் கொள்முதல் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.