பாப்பாவோட முதல் வருஷ பட்ஜெட் (ஆகஸ்ட்ல இருந்து அடுத்த ஆகஸ்ட் வரைக்கும்)

ஏங்க, நேத்து ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் எழுதிட்டேன், நீங்க ஷிப்டு முடிஞ்சு வந்து பொறுமையா படிங்க. பிரசவச் செலவு வேற கணக்கு, அதுல கை வைக்கல, இது பாப்பா பொறந்ததுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மட்டும்.

முதல்ல பொறக்கறதுக்கு முன்னாடி வாங்க வேண்டியது. ஏணை ஸ்பிரிங்கும் துணியும் 70 வெள்ளி, கொசுவலை 35, குளிப்பாட்டற பேசின் 25, ஜுரம் பாக்கற தெர்மாமீட்டர் 25, சட்டை லம்பின் துணி எல்லாம் சேத்து 100 (சட்டை முக்காவாசி உங்க அக்கா வீட்டுல இருந்து வருது, அதனால அதிகம் வாங்க வேணாம்), ஜுர மருந்து, உப்புக்கரைசல் பாக்கெட்டு, மூக்குக்கு விடற உப்புத்தண்ணி இதுக்கு 40. கார் சீட் 250. அத்தை மடியில வச்சிக்கலாம்னு சொல்றாங்க, ஆனா 2020 ஜனவரில இருந்து சட்டம் வந்துருச்சு, சட்டத்த விடுங்க, ஈப்போ ரோட்டுல லாரி போற போக்குக்கு மடியில வச்சிட்டு போக எனக்கு மனசு வராது. ஆக 545.

பால் சாமான் 250. கையால அமுக்கற பம்ப் 120, போத்தல் 4 க்கு 60, ஐஸ் வச்சு எடுத்துட்டு போற பை 50, பிரஷ் அது இதுன்னு 20. இது கண்டிப்பா வேணும், ஏன்னா 98 நாள் லீவு முடிஞ்சு நவம்பர்ல நான் பெக்டரிக்கு திரும்பிடுவேன், பம்ப் இல்லன்னா பால் வத்திடும், அப்புறம் முழுக்க முழுக்க பால்மாவு தான்.

பால்மாவு கணக்க கொஞ்சம் நல்லா பாருங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் போதும், தண்ணி கூட வேணாம்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. நான் வேலைக்கு போன பிறகு எடுத்து வச்ச பால் பத்தலன்னா தான் மாவு. மாசம் 600 கிராம் பாக்கெட்டு 2, ஒன்னு 35 வெள்ளின்னு வச்சா 70, ஒம்பது மாசத்துக்கு 630. முழுசா மாவுக்கே போனா மாசம் 5 பாக்கெட்டு, 175 ஆயிடும், அப்படி ஆனா மாசம் 105 கூட வரும், அத சமாளிக்க உங்க ஓவர்டைம் காச தான் தொடணும். எவ்ளோ கஷ்டமானாலும் மாவ கம்மியா போட்டு தண்ணிய கூட ஊத்தி குடுக்கறது மட்டும் வேணாங்க, அத்தை கிட்டயும் சொல்லி வைங்க, டப்பாவுல போட்ருக்கற அளவு தான்.

பம்பர்ஸ். கடையில பாக்கெட்டு வெலய பாக்காதீங்க, வெலய பீஸ் எண்ணிக்கையால வகுத்து பாருங்க, நான் போனமாசம் கால்குலேட்டர் வச்சு அலமாரி முன்னாடி நின்னு பாத்தேன். பொறந்த புள்ளைக்கு ஒன்னு 45 காசு, பெரிய சைஸ் 70 காசு. மொத மாசம் ஒரு நாளைக்கு 9 போகும், கடைசில 5 போதும். எண்ணிக்கை கொறையும், சைஸ் ஏற ஏற வெல ஏறும், அதனால எந்த மாசம் போட்டு பாத்தாலும் 105 க்கும் 122 க்கும் நடுவுல தான் வருது. மாசம் 110 ன்னு வச்சிருக்கேன், வருஷம் 1,320. ஆஃபர்ல சின்ன சைஸ் மூட்டையா வாங்கி வைக்காதீங்க, புள்ள வளந்துட்டா வீணு. பகல்ல வீட்டுல லம்பின் கட்டுனா மிச்சமாகும், ஆனா அத மிச்சம்னு இப்பவே எழுதல, மழக்காலத்துல துணி காயாது. வெட் டிஸ்யூவும் புண்ணுக்கு தடவற கிரீமும் வருஷத்துக்கு 160.

ஆறு மாசத்துக்கு மேல சோறு ஆரம்பிக்கணும், அரிசி, கேரட், பூசணி, மீனு, முட்டை, பாசார்ல நம்ம வாங்கறதுலயே எடுத்துக்கலாம், மாசம் 40, ஆறு மாசம் 240, கிண்ணம் கரண்டி 20. கடை ஜாடி சாப்பாடு தேவையில்ல. ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல தடவக்கூடாது, பாட்டிங்க யாராச்சும் வந்தா நீங்க தான் நின்னு சொல்லணும்.

ஊசிக்கு வருவோம். கவர்மெண்டு கிளினிக்ல சும்மா தான். பொறந்த ஒடனே பிசிஜியும் ஹெபடைட்டிஸ் பியும், அப்புறம் 2, 3, 5 மாசத்துல ஆறு நோய்க்கு சேத்து ஒரே ஊசி, 4, 6 மாசத்துல நிமோகாக்கல், 9, 12 மாசத்துல எம்எம்ஆர். எட பாக்கறது, நீளம் பாக்கறது எல்லாம் அதே நாள்லயே முடிஞ்சிடும், ஒரு மாச செக்கப்பையும் சேத்து 8 தடவ போகணும், பெட்ரோலுக்கு 10 வெள்ளின்னு 80 போதும். ஆனா காசு வேற எடத்துல போகும், அதான் நான் ரொம்ப யோசிச்சது. மொத மூணு தடவ நான் லீவுல இருப்பேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மே, ஆகஸ்ட் அஞ்சு தடவ நான் வேலையில இருப்பேன், காலைல போனா மத்தியானம் ஆயிடும். லீவு இல்லாம போனா ஒரு நாளுக்கு 65 வெள்ளி சம்பளத்துல வெட்டு, அஞ்சு நாளுக்கு 325 போயிடும், சும்மா போடற ஊசி அப்புறம் சும்மா இல்ல. அதனால அந்த அஞ்சு நாள் லீவ எடுத்து வச்சே ஆகணும், தீபாவளிக்கு ஊருக்கு ஒரு வாரம்லாம் இந்த வருஷம் இல்ல. இல்லன்னா ரெண்டு தடவ உங்களுக்கு நைட் ஷிப்டு போட்டு வாங்கிக்கிட்டு நீங்களும் அத்தையும் போங்க.

வயித்தால வராம இருக்க குடுக்கற ரோட்டா வைரஸ் சொட்டு மட்டும் கவர்மெண்டுல இல்ல. டவுன்ல தனியார் கிளினிக்ல கேட்டேன், ஒரு டோஸ் 230, ரெண்டு டோஸ் 460. மொத டோஸ் 15 வாரத்துக்குள்ள போட்ரணும், அப்புறம் போட முடியாது, அதனால அக்டோபர், நவம்பர்ல கட்டாயம். இது வேணுமான்னு நீங்க கேப்பீங்க, வேணும்னு தான் நான் நெனைக்கறேன், நம்ம லைன்ல வயித்தாலன்னா ஒரு வீட்டுல ஆரம்பிச்சு எல்லா வீட்டுக்கும் போகுது.

அவசரத்துக்கு 1,200. இது பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே தனியா இருக்கணும், மோட்டர் டயருக்குன்னு கூட எடுக்கக்கூடாது. ராத்திரி தனியார் கிளினிக் 4 தடவ 360, ஆஸ்பத்திரில படுத்தா போக வர, சாப்பாடு ஒரு நாளைக்கு 60 ன்னு அஞ்சு நாளைக்கு 300, அப்ப சம்பளம் வெட்டு அஞ்சு நாளு 325, மீதி 215 தெரியாததுக்கு. வார்டு காசு கவர்மெண்டுல கம்மி தான், சுங்கை சிப்புட்ல பாக்க முடியலன்னு ஈப்போவுக்கு அனுப்பினா தான் செலவு இழுக்கும்.

மூணாவது லைன் அக்கா புள்ளைக்கு மூணாம் நாளே மஞ்சள் ஏறிடுச்சு, மூக்கு தோல லேசா அமுக்கி விட்டா மஞ்சளா தெரிஞ்சுது, நான் கிட்ட நின்னு பாத்தேன், வெயில்ல காட்டுனா போதும்னு எல்லாரும் சொன்னாங்க, அந்தக்கா கேக்காம தூக்கிட்டு போனாங்க, நீல விளக்குல வச்சு தான் எறங்குச்சு. அதே மாதிரி மூணு மாசத்துக்குள்ள 38 டிகிரி தாண்டுனா வீட்டுல மருந்து குடுத்து பாக்கறது கெடையாது, நேரா ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினா, பால் குடிக்காம சோர்ந்து போனா 999.

மொத்தம் 4,905. இதுல 1,995 பொறக்கறதுக்கு முன்னாடியே வேணும், ஜூலைல எடுக்கற கூட்டு சீட்டு காசு 2,000 அப்படியே இதுக்கு தான். மீதி 2,910 க்கு ஜூன்ல இருந்தே சம்பளம் வந்த அன்னிக்கே மாசம் 250 தனி அக்கவுண்டுக்கு போடுவோம். முப்பதாம் நாள் பேர் வைக்கறது இதுல சேக்கல, அது உங்க ஓவர்டைம்ல 500 க்குள்ள, வீட்டு முன்னாடி பந்தல், ஹாலு வேணாம்.

பொறந்த 60 நாளுக்குள்ள ஜேபிஎன் ஆபீஸ்ல பாப்பா பொறப்ப பதிஞ்சிடுங்க. உங்களுக்கும் 7 நாள் லீவு இருக்கு, ஆனா 30 நாள் முன்னாடியே ஆபீஸ்ல சொல்லணுமாம், அதனால ஜூன் கடைசிக்குள்ள லெட்டர் குடுத்துட்டு ஒரு காப்பி சாப் அடிச்சு வாங்கிட்டு வந்துருங்க.