ஆறாம் தளம்: அவசரகால வெளியேற்ற நடைமுறை

இந்த நடைமுறை ஆறாம் தளத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும், அன்றைக்கு வந்திருக்கும் விருந்தினருக்கும், ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் பொருந்தும். புதிதாகச் சேர்பவர் முதல் நாளே இதைப் படித்துவிட்டு, தளப் பொறுப்பாளருடன் இரண்டு படிக்கட்டுகளிலும் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும்.

தீயையோ புகையையோ கண்டால்

அருகில் உள்ள சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை அழுத்தி அலாரத்தை ஒலிக்க விடுங்கள். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அலாரம் தவறாக ஒலித்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் வரவேற்பு மேசைக்குச் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்தை அழைப்பது அவர்கள் வேலை.

குப்பைக்கூடை அளவிலான தீயை, தீயணைப்பானைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர் மட்டும், வெளியேறும் வழி தன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று அணைக்கப் பார்க்கலாம். ஒரு தீயணைப்பான் தீர்ந்தும் அணையவில்லையா, விட்டுவிட்டு இறங்குங்கள். மின்சாதனத்தில் பிடித்த தீ மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதற்குக் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் உண்டு. அதன் குழல்வாயைக் கையால் பிடிக்காதீர்கள், வாயு வெளியேறும்போது உறைகுளிராகிவிடும்.

அலாரம் கேட்டால்

தொடர்ந்து ஒலித்தால் உடனே கிளம்ப வேண்டும். மடிக்கணினியை மூடவோ பையைத் தேடவோ நேரம் இல்லை. கையில் இருக்கும் கைபேசி போதும். லிஃப்ட் வேண்டாம். மின்சாரம் நின்றால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், லிஃப்ட் போகும் குழிவழியே புகையும் ஏறும்.

வடக்கு வரிசையினர் கிழக்குப் படிக்கட்டு, தெற்கு வரிசையினரும் கூட்ட அறைகளில் இருப்பவர்களும் மேற்குப் படிக்கட்டு. உங்கள் வழியில் புகை இருந்தால் மற்றதற்குத் திரும்புங்கள். மூடிய கதவைத் திறக்கும்முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். புகை மேலே தேங்கும் என்பதால் குனிந்தோ தவழ்ந்தோ போங்கள். கடைசியாக வெளியே வருபவர் அறைக்கதவைச் சாத்த வேண்டும், பூட்டக் கூடாது. சாத்திய கதவு புகையையும் தீயையும் தாமதப்படுத்தும். படிக்கட்டுக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைப்பதை நாங்கள் பொறுத்துக்கொள்ளாததற்கும் இதுவே காரணம்.

அலாரம் ஒலித்ததும் அட்டை தேய்க்கும் கதவுகள் தாமாகத் திறக்கும். திறக்காவிட்டால் பக்கத்தில் உள்ள பச்சைப் பெட்டியை அழுத்துங்கள்.

யார் எதைப் பார்ப்பார்

*தளப் பொறுப்பாளர்:* மஞ்சள் மேலங்கி அணிந்திருப்பார். வெளியேற்றம் முழுவதும் அவர் பொறுப்பு. அவர் விடுப்பில் இருந்தால் துணைப் பொறுப்பாளர். இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்கக் கூடாது.

*தேடுநர்கள் இருவர்:* பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டு கழிப்பறை, தொழுகை அறை, சிற்றுண்டி அறை, கூட்ட அறைகளைப் பார்த்துவிட்டு, "கிழக்கு காலி", "மேற்கு காலி" என்று பொறுப்பாளரிடம் சொல்வார்கள். புகை சூழ்ந்த இடத்துக்குள் தேடப் போகக் கூடாது. பார்க்க முடியாத இடத்தைச் சொன்னால் போதும்.

*உதவித் துணை:* படியிறங்கச் சிரமப்படும் ஒவ்வொருவருக்கும் இரண்டு சகப் பணியாளர்கள் முன்கூட்டியே நியமிக்கப்படுவர். கர்ப்பிணி, காலில் கட்டுப் போட்டவர் போன்ற தற்காலிக நிலைமைகளுக்கும் இது பொருந்தும். தயங்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வெளியேற்ற நாற்காலி மேற்குப் படிக்கட்டின் நுழைவில் தொங்குகிறது. கூட்டம் இறங்கும் வரை படிக்கட்டுத் திருப்பத்தில் உள்ள காத்திருப்பு இடத்தில் இருந்து, வழி காலியானதும் இறங்க வேண்டும்.

*வரவேற்பாளர்:* விருந்தினர் பதிவேட்டையும் அன்றைய வருகைப் பட்டியலின் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு இறங்குவார்.

கூடுமிடம்

முதல் கூடுமிடம்: வடக்கு வாயிலைத் தாண்டி, வாகன நிறுத்தத்தின் மறுகோடியில் பச்சைப் பலகை உள்ள இடம். அங்கே புகை வீசினாலோ தீயணைப்பு வண்டிகளுக்கு வழி தேவைப்பட்டாலோ, பின்வாயில் வழியே போகும் மைதானம் இரண்டாம் இடம். குழுத்தலைவர்கள் தலை எண்ணி வரவேற்பாளரிடம் தருவார்கள். யாராவது குறைந்தால், கடைசியாக எங்கே பார்த்தோம் என்பதைத் தீயணைப்பு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். தேடி உள்ளே ஓட வேண்டாம். அலாரம் நின்றுவிட்டாலும், பொறுப்பாளர் சொல்லும்வரை திரும்பக் கூடாது. சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினால், உள்ளே சிக்கியதாக எண்ணி உங்களைத் தேடுவார்கள்.

ஒத்திகைப் பதிவு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. பதிவேடு தளப் பொறுப்பாளரிடம் இருக்கும்.

பிப்ரவரி: முன்னறிவிப்புடன், காலை 11 மணி. 78 பேர் வெளியேறினர், 6 நிமிடம் 40 விநாடி. ஏறத்தாழ எல்லோரும் கிழக்குப் படிக்கட்டுக்கே போனார்கள். தினமும் ஏறி இறங்கும் வழி என்பதே காரணம். நடவடிக்கை: மேற்கு வழிக்குத் தரையில் ஒளிரும் அம்புக்குறிகள் ஒட்டப்பட்டன. முடிந்தது.

ஆகஸ்ட்: முன்னறிவிப்பின்றி, பிற்பகல் 3:20. 71 பேர், 4 நிமிடம் 50 விநாடி. காதில் ஹெட்போனுடன் அழைப்பில் இருந்த மூவருக்கு அலாரம் கேட்கவில்லை. தேடுநர் தோளைத் தட்டி எழுப்பினார். விருந்தினர் ஒருவர் எண்ணிக்கையில் விடுபட்டார். நடவடிக்கை: தென் மூலையில் ஒளிவிளக்கு அலாரம் பொருத்துதல், நிலுவை, பராமரிப்புக் குழு பொறுப்பு. விருந்தினரை அழைத்தவரே கூட்டி இறங்க வேண்டும் என்ற விதி இன்று முதல் அமலுக்கு வருகிறது.

அடுத்த ஒத்திகையில் கிழக்குப் படிக்கட்டு அடைபட்டதாகக் கொண்டு மேற்கு வழியில் மட்டும் இறங்க வேண்டும். தேதி முன்கூட்டிச் சொல்லப்படாது.